'கதவு பூட்டியிருந்தது' என்று பதிவு செய்கிறவர்களுக்கு

மண்ணச்சநல்லூர், ஸ்ரீரங்கம், திருச்சி வட்டாரத்தில் கூரியர் கிளை நடத்துகிறவர்களுக்கும், அங்கே புக்கிங், டெலிவரி வேலை பார்க்கிறவர்களுக்கும்,



நான் மண்ணச்சநல்லூரில் வீட்டிலேயே தஞ்சாவூர் ஓவியங்களுக்குச் சட்டம் போட்டு விற்றுப் பிழைக்கிறவன். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். ஆகவே என் பிழைப்பில் பாதி உங்கள் கவுண்டரில்தான் நடக்கிறது. உங்களில் எந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கிளையில் பார்த்ததை அடுத்த கிளையிலும் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

டிராக்கிங் சரியில்லை, பார்சல் உடைந்து வருகிறது, புகாருக்குப் பதில் இல்லை என்று வாடிக்கையாளர்கள் மூன்று குறைகளைத் தனித்தனியாகச் சொல்வார்கள். எனக்கு இவை மூன்றும் ஒரே குறையாகத்தான் தெரிகின்றன. பார்சலுக்கு என்ன ஆனது என்பதை உள்ளபடி, அந்த நேரத்தில், எழுத்தில் பதிவு செய்வதில்லை என்பதே அந்தக் குறை. பதிவு பொய்யாகிவிட்டால், உடைந்தது யாரால் என்று கண்டுபிடிக்க வழியில்லை. அது தெரியாமல் புகாருக்கு நியாயமான பதிலும் கிடைக்காது.

ஒரு பார்சலின் கதையை முழுதாகச் சொல்கிறேன். தாம்பரத்தில் ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காகக் கண்ணாடி போட்ட ஓவியம் ஒன்று கேட்டிருந்தார். விலை 9,000 ரூபாய். திங்கட்கிழமை மாலை இங்கே புக் செய்தேன். அன்றிரவே திருச்சி ஹப்பில் வந்து சேர்ந்ததாகப் பதிவு. மறுநாள் சென்னை ஹப். புதன் காலை 9.12க்கு 'டெலிவரிக்குப் புறப்பட்டது'. மாலை வரை யாரும் வரவில்லை. இரவு 7.46க்கு 'கதவு பூட்டியிருந்தது'. அன்று அந்த வீட்டில் பெயின்ட் அடிக்கிறவர்கள், எலெக்ட்ரீஷியன், சமையல்காரர் என்று காலையிலிருந்து கூட்டம். வாசற்கதவைச் சாத்தவே இல்லை. போனுக்கும் அழைப்பு எதுவும் வரவில்லை. வியாழன் பகலில் பார்சல் வந்தது. உள்ளே கண்ணாடி நொறுங்கி, ஒரு சில்லு ஓவியத்தின் தங்க ரேக்கைக் கீறியிருந்தது.

இதில் எந்தப் பதிவு உண்மை, எது பொய் என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. ஊரிலிருந்து ஊருக்குப் போகும் வரை உங்கள் பதிவுகளை நான் பெரும்பாலும் நம்புகிறேன். புக்கிங், ஹப்பில் வரவு, ஹப்பிலிருந்து புறப்பாடு ஆகியவை பார்கோடு ஸ்கேனில் பதிவாகின்றன. அங்கே ஒரே ஒரு ஓட்டை உண்டு. சின்னப் பார்சல்களைச் சாக்குப்பையில் போட்டு, பையின் மேலே ஒரு பார்கோடு ஒட்டுகிறீர்கள். ஹப்பில் பையை ஸ்கேன் செய்தால், அதற்குள் இருப்பதாகப் பட்டியலில் உள்ள அத்தனை பார்சலுக்கும் 'வந்து சேர்ந்தது' என்று விழுந்துவிடுகிறது. ஒரு பார்சல் பையில் ஏறாமல் கிளையிலேயே தங்கியிருந்தாலும் கணினியில் அது சென்னைக்குப் போய்விடும். பையைப் பிரித்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யும்போதுதான் குட்டு வெளிப்படும். 'ஹப்பில் இருக்கிறது' என்று இரண்டு மூன்று நாளாக அசையாமல் நிற்கும் பார்சல்களில் பல, உண்மையில் அந்த ஹப்புக்கே வராதவை.

நம் ஊருக்கென்றே இன்னொரு தொல்லை பின்கோடு. மண்ணச்சநல்லூர் 621005. ஸ்ரீரங்கம் 620006. கொள்ளிடத்துக்கு வடக்கே 621, தெற்கே மாநகரம் 620. இங்கே வரும் பார்சலுக்குப் புக்கிங்கில் அவசரத்தில் 621ஐ 620 என்று தட்டிவிட்டால், பார்சல் ஒன்னாம் நம்பர் டோல்கேட்டைத் தாண்டாமல் மாநகருக்குள்ளேயே சுற்றும். அங்கே உள்ள பையன் முகவரி தேடி அலைந்துவிட்டு 'முகவரி தவறு' என்று போடுவான். ரசீதைக் கையில் வாங்கியதும் பெயரைப் பார்ப்பதற்கு முன் பின்கோட்டைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது இதனால்தான்.

பொய் அதிகமாக நுழைவது கடைசிக் கட்டத்தில். காலையில் ஒவ்வொரு டெலிவரிப் பையனுக்கும் அன்றைய ஷீட் போடுகிறீர்கள். ஷீட் போட்டவுடன் அதிலுள்ள எல்லாவற்றுக்கும் 'டெலிவரிக்குப் புறப்பட்டது' என்று விழுகிறது. வண்டி கிளம்பியிருக்க வேண்டும் என்பதில்லை. பார்சல் அலமாரியிலேயே இருக்கலாம். இரவில் ஷீட்டை மூட வேண்டும். கொடுத்ததற்குக் கையெழுத்து இருக்கும். கொடுக்காததற்கு ஒரு காரணம் வேண்டும். அதற்குக் கைவசம் நாலைந்து காரணங்கள்தான்: கதவு பூட்டியிருந்தது, ஆள் இல்லை, முகவரி தவறு, வாங்க மறுத்தார். 'நேரமில்லாததால் போகவில்லை' என்று ஒரு காரணம் பட்டியலில் இல்லை.

எங்கள் தெருவுக்கு வரும் தம்பியிடம் இதைக் கேட்டேன். "அண்ணே, அன்னிக்கு நாப்பது பீஸ் இருந்துச்சு. பாதி கிராமத்துப் பக்கம். ஷீட்டை க்ளோஸ் பண்ணாம வீட்டுக்குப் போக முடியாது. ஓப்பனா விட்டா கிளைக்கு ஃபைன்னு ஓனர் திட்டுவாரு. எதையாவது போட்டாத்தான் க்ளோஸ் ஆகும்" என்றான். அவன் பொய்க்காரன் இல்லை. அவனுக்கு உண்மையைச் சொல்ல இடம் வைக்காத பட்டியலைக் கொடுத்திருக்கிறீர்கள்.

வெளியாள்கூட இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம். உண்மையிலேயே பூட்டிய வீட்டுக்குப் போனவன், போன நேரத்தில் போனில் கூப்பிடுவான். பதிவும் பகலில் ஏதோ ஒரு நேரத்தில் விழும். இரவு ஏழு மணிக்கு மேல், கிளை மூடும் நேரத்தில் ஒரே காரணம் வரிசையாக விழுந்தால், அது கவுண்டரில் உட்கார்ந்து போட்டது. கிளை உரிமையாளர்களே, உங்கள் கணினியில் ஒரு நாளின் டெலிவரி ஆகாத பட்டியலை நேரவாரியாக அடுக்கிப் பாருங்கள். பத்துப் பதினைந்து 'கதவு பூட்டியிருந்தது' இரண்டு நிமிடத்துக்குள் விழுந்திருந்தால், அத்தனை கதவையும் ஒரே ஆள் இரண்டு நிமிடத்தில் தட்டியிருக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தப் பொய்யால் ஒரு நாள் தாமதம் ஆனது பெரிய விஷயமில்லை. புதன்கிழமை முழுக்க அந்தத் தாம்பரம் பார்சல் எங்கே இருந்தது, வண்டியில் ஏறி இறங்கியதா, எதன் அடியில் கிடந்தது என்பதற்கு இனிப் பதிவே கிடையாது. கண்ணாடி உடைந்தது அந்த ஒரு நாளில்தானா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

உடைந்த கதைக்கு வருகிறேன். "பேக்கிங் சரியில்லை சார்" என்பது உங்கள் முதல் பதில். பேக்கிங் ஏன் சரியாக அமைவதில்லை என்பதற்கு ஒரு கணக்குக் காட்டுகிறேன். நீங்கள் எடையை இரண்டு விதமாகப் பார்க்கிறீர்கள். ஒன்று தராசு எடை. மற்றது கன அளவு எடை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கிப் பல நிறுவனங்கள் 5,000ஆல் வகுக்கின்றன. சிலர் வேறு எண் வைத்திருக்கிறார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

என் ஓவியத்தின் சட்டம் 60 செ.மீ. நீளம், 45 அகலம், 4 தடிமன். சுற்றிலும் 1 செ.மீ. மட்டும் இடம் விட்டுக் கட்டினால் பெட்டி 62 × 47 × 6. கன எடை சுமார் 3.5 கிலோ. கண்ணாடிக்குப் பாதுகாப்பாக ஆறு பக்கமும் 5 செ.மீ. தெர்மாகோல் வைத்தால் பெட்டி 70 × 55 × 14 ஆகிறது. கன எடை 10.8 கிலோ. தராசில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 4 கிலோவுக்கான கட்டணம் 11 கிலோவுக்கானதாகிவிடுகிறது. பாதுகாப்பாகக் கட்டுகிறவனுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அபராதம் விதிப்பதற்கு ஒப்பு இது. நான் நடுவில் போனேன். ஆறு பக்கமும் 3 செ.மீ. விட்டு 66 × 51 × 10. கன எடை 6.7. கிலோவுக்கு 80 ரூபாய் என்று 7 கிலோவுக்கு 560 ரூபாய் கட்டினேன். லாரியில் இடம் பிடிப்பதற்குக் காசு கேட்பது நியாயம்தான். ஆனால் இந்தக் கணக்கு மெல்லிய பேக்கிங்கையே தூண்டுகிறது என்பதையும் ஒத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருக்கிறவர், "இது கண்ணாடி, இந்த அளவு போதாது, ஏற்க மாட்டோம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் எனக்குக் கோபம் வராது. காசை வாங்கிக்கொண்டு, 'கண்ணாடி' ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டு, உடைந்தபின் பேக்கிங்கைக் குறை சொல்வதுதான் தப்பு.

இன்னொரு விஷயம் கையெழுத்து. தாம்பரத்தில் பார்சலைக் கொடுத்தவர், "முதல்ல சைன் போடுங்க, அப்புறம் பிரிச்சுப் பாத்துக்கோங்க" என்றாராம். கையெழுத்துப் போட்ட சீட்டில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. அட்டையின் ஒரு மூலை நசுங்கியிருந்ததை அவர் பார்த்தார், சொன்னார். ஆனால் எழுதவில்லை. அந்த நொடியில் பேனாவால் 'மூலை நசுங்கியிருந்தது' என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் பிறகு நடந்த வாக்குவாதத்தில் பாதி மிச்சம். டெலிவரி செய்யும் தம்பிகளே, வாங்குகிறவர் அப்படி எழுத விரும்பினால் தடுக்காதீர்கள். நசுங்கல் ஹப்பில் நடந்ததற்கு அது உங்களுக்கும் சாட்சி. எழுதவில்லையென்றால் பழி கடைசியாகக் கையில் வைத்திருந்த உங்கள் மேல்தான் விழும்.

பிறகு புகார். கிளையில் கேட்டால் கஸ்டமர் கேருக்கு அடிக்கச் சொன்னார்கள். கஸ்டமர் கேரில் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். புகார் எண்ணோடு தானியங்கிப் பதில் வந்தது. சில நாளில், யாரும் என்னிடம் பேசாமலே, 'புகார் தீர்க்கப்பட்டது' என்று செய்தி. மறுபடி எழுதிய பிறகு கடைசியாக ஒருவர் பேசினார். ரசீதின் பின்பக்க நிபந்தனைப்படி எங்கள் பொறுப்பு 100 ரூபாய்தான் என்றார்.

இந்த நூறு ரூபாய்க்கு ஒரு வரலாறு உண்டு. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம் 1990 மே மாதம், ஜெர்மனியில் சரக்கு வாங்குகிறவருக்கு அனுப்ப வேண்டிய ஆவணங்களை டிஎச்எல் கூரியரில் கொடுத்தது. உறை போய்ச் சேரவில்லை. நகல் ஆவணங்கள் போய்ச் சேர்ந்து சரக்கை எடுப்பதற்குள் கோடைக்கால விற்பனை முடிந்துவிட்டது. வாங்குகிறவர் விலையைக் குறைத்துக்கொண்டார். மாநில நுகர்வோர் ஆணையம் அந்த நஷ்டத்துக்காகச் சுமார் 4.29 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. தேசிய ஆணையம் அதை 100 டாலராகக் குறைத்தது. அனுப்பியவர் கையெழுத்திட்ட சீட்டில் பொறுப்பு அவ்வளவுதான் என்று நிபந்தனை இருந்தது என்பது காரணம். 1996 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நிபந்தனை உள்ள சீட்டில் கையெழுத்துப் போட்டவரை அது கட்டுப்படுத்தும் என்பது தீர்ப்பின் சாரம். ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்துக்கு அன்றிலிருந்து ஒரு தைரியம் வந்தது.

ஆனால் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக, சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இல் வந்து 2011இல் நடைமுறைக்கு வந்தது. பொதுச் சரக்கேற்றுநர் யார் என்று அது சொல்லும் விளக்கத்திலேயே வீட்டுக்கு வீடு கொண்டு சேர்க்கும் கூரியர் ஏஜென்சியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சரக்குக்குச் சேதமானால் பொறுப்பின் உச்சவரம்பு கட்டணத்தின் பத்து மடங்கு, ஆனால் அனுப்பியவர் அறிவித்த மதிப்பைத் தாண்டக்கூடாது என்பது அதன் விதி. கூடுதல் இடர்க் கட்டணம் கட்டியிருந்தால் வரம்பு உயரும். விமானத்தில் போகும் பார்சலுக்கு வேறு சட்டம். என் பார்சல் போனது லாரியில். கட்டணம் 560, பத்து மடங்கு 5,600. அறிவித்த மதிப்பு 9,000. ஆக, நான் பேச ஆரம்பிக்க வேண்டிய தொகை 5,600 ரூபாய். நூறு ரூபாயைச் சட்டத்தின் வார்த்தையாகச் சொல்லும் உங்கள் ஆட்களுக்கு இந்தச் சட்டம் இருப்பதே தெரியாது.

இங்கே ரசீதில் உள்ள ஒரு சின்னக் கட்டம் முக்கியமாகிறது: 'மதிப்பு'. புக்கிங்கில் இருந்த பெண், "வேல்யூ போட்டா இன்ஷூரன்ஸ் கேக்கும் சார், சும்மா விட்டுடுங்க" என்றார். நான் விடாமல் 9,000 என்று எழுத வைத்தேன். வெறுமையாக விட்டிருந்தால் பொருளின் மதிப்பே தெரியாது என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். கண்ணாடிக்கும் எண்ணெய், ஊறுகாய் போன்றவற்றுக்கும் பல நிறுவனங்கள் இடர்ப் பாதுகாப்பே தருவதில்லை. அதையும் புக்கிங்கிலேயே சொல்லிவிடுங்கள். உடைந்த பிறகு சொல்வதால் யாருக்குப் பயன்?

இந்தச் சட்டத்தில் வாடிக்கையாளர் தவறவிடக்கூடிய ஒன்றும் இருக்கிறது. புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் சேதத்தைப் பற்றி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் வழக்குப் போட முடியாது. கஸ்டமர் கேருக்கு எத்தனை முறை போன் அடித்தாலும் அது நோட்டீஸ் ஆகாது. 'தீர்க்கப்பட்டது', 'பரிசீலனையில் இருக்கிறது' என்று இழுத்துக்கொண்டே போனால் அந்த நாட்கள் ஓடிவிடும். நீங்கள் வேண்டுமென்று இழுக்கிறீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இழுத்தடிப்பின் லாபம் உங்கள் பக்கம் போகிறது. ஆகவே நான் ரசீது நகல், டிராக்கிங் பதிவின் நகல், பெட்டியின் ஆறு பக்கப் படங்கள், நீங்கள் அனுப்பிய புகார் எண் எல்லாவற்றையும் சேர்த்து, அனுப்பியதற்குப் பதிவு இருக்கும்படி ஒரு கடிதம் உங்கள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்து எங்கே போவது என்பதும் எங்களுக்குத் தெரியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவு செய்தால் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், ஆனால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. தீர்ப்புக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் ரசீதில் 'வழக்கு எங்கள் தலைமையகம் உள்ள ஊரில் மட்டுமே' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம். மண்ணச்சநல்லூர்க்காரனுக்குத் திருச்சியே போதும். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. இரண்டு வருடம் வரை அவகாசம். வியாபாரத்துக்காக அனுப்பியவர் நுகர்வோர் இல்லை என்று உங்கள் வக்கீல் சொல்லலாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் செய்கிறவருக்குச் சட்டம் விலக்குத் தந்திருக்கிறது. முறுக்கு சுட்டு அனுப்பும் பெண்களும், அப்பளம் போட்டு அனுப்பும் குடும்பங்களும், என்னைப் போன்றவர்களும் அதில் அடக்கம்.

ஆனால் 560 ரூபாய் கட்டி அனுப்பிய பார்சலுக்காக ஆணையத்தின் படியேற யாருக்கும் ஆசையில்லை. உங்களுக்கும் அது நஷ்டம். கிளை அளவிலேயே, தலைமை அலுவலகத்தைக் கேட்காமலே நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு.

போகாத இடத்துக்குப் போகவில்லை என்று பதிவதற்கு ஒரு காரணத்தைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுங்கள். அது வரும்வரை, இரவில் ஷீட் மூடுவதற்கு முன் 'கதவு பூட்டியிருந்தது' என்று விழுந்தவற்றில் இரண்டு மூன்று பேருக்காவது கிளையிலிருந்து போன் செய்து கேளுங்கள். ஒரு வாரம் இதைச் செய்தாலே தம்பிகள் கவுண்டரில் உட்கார்ந்து காரணம் போடுவதை விட்டுவிடுவார்கள். 'இன்று வர முடியவில்லை, நாளை வருகிறோம்' என்று சொன்னால் வாடிக்கையாளர் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்.

புக்கிங்கில் மதிப்புக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். உடையக்கூடிய பொருள் என்றால் எவ்வளவு பேக்கிங் வேண்டும், அதற்குக் கன எடை எவ்வளவு வரும் என்பதை டேப் வைத்து அளந்து முன்கூட்டியே சொல்லுங்கள். போதாத பேக்கிங்கைத் திருப்பி அனுப்புங்கள். டெலிவரியில், அட்டை நசுங்கியோ ஈரமாகவோ இருந்தால் சீட்டிலேயே எழுத இடம் கொடுங்கள்.

புகார் வந்தால் அதைக் கிளையில் ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, முத்திரையோடு நகல் கொடுங்கள். எங்களோடு பேசாமல் 'தீர்க்கப்பட்டது' என்று மூடாதீர்கள். தர முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுத்தில் சொல்லுங்கள். மறுப்புக் கடிதம்கூட எங்களுக்குப் பயன்படும், அதை வைத்து அடுத்த படிக்குப் போக முடியும்.

ஆன்லைன் கடையில் வாங்கிய பொருள் உடைந்து வந்தால் அதற்காக உங்கள் கிளை வாசலில் சண்டை போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அங்கே உங்களுக்குக் காசு கொடுத்தது விற்றவர். வாங்கியவர் பிடிக்க வேண்டியது அந்தக் கடையைத்தான். இணையக் கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இது தெரிந்தால் உங்கள் கவுண்டரில் கூச்சலும் குறையும்.

என் பங்குக்கு இனி நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். புக் செய்யும்போது பெட்டியை ஆறு பக்கமும் படம் எடுப்பேன். வாங்குகிறவரிடம், பிரிக்கும்போது ஆரம்பத்திலிருந்து வெட்டாமல் வீடியோ எடுக்கச் சொல்லி முன்பே தகவல் அனுப்புவேன். உடைந்தால் பெட்டியையும் உடைந்த கண்ணாடியையும் வீசாமல் வைத்திருக்கச் சொல்வேன். உங்கள் டிராக்கிங் பக்கத்தை அன்றாடம் நகல் எடுத்து வைப்பேன். எந்தக் கிளை உள்ளதை உள்ளபடி பதிகிறதோ, கட்டணம் பத்து ரூபாய் கூட இருந்தாலும் என் பார்சல்கள் அங்கேதான் வரும். எங்கள் தெருவில் பார்சல் அனுப்புகிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் கிளையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்,
மண்ணச்சநல்லூர்.